மாமாவின் கணக்குத் தாளும் காணாமல் போன இருநூற்று மூன்று வெள்ளியும்

மாமனாரின் செலவுத் தாளைப் படத்திலிருந்து எக்செல்லுக்கு மாற்றியபோது, அச்சில் இருந்த மொத்தங்களுக்கும் என் கூட்டலுக்கும் இடையில் இருந்த கடைசி வித்தியாசமும் போன ஞாயிற்றுக்கிழமை மாலை பூஜ்யமாக மாறியது. இல்லை, சரியாகச் சொன்னால் ஒன்று மாறவில்லை; மாறக்கூடாது என்று முடிவாகியது. அதைப் பின்னால் சொல்கிறேன். இடையில் எங்கெங்கே வழி தவறினேன் என்பது நினைவில் இருக்கும்போதே எழுதிவைக்கிறேன்.

என் மாமனார் சிங்கப்பூரில், தோ பாயோவில் மூன்றறை வீட்டில் இருக்கிறார். ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதச் செலவைப் பழைய கம்ப்யூட்டரில் அட்டவணையாக அடித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அச்செடுத்துக் கோப்பில் வைப்பார். ஜனவரி முதல் ஜூன் வரையிலான தாளைப் போனில் படம் எடுத்துப் பெரிய மைத்துனருக்கு அனுப்பியிருந்தார். பெற்றோரின் மருந்துச் செலவு அவர் பொறுப்பு. ஆகஸ்டில் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. அதே வாரம் அத்தை வீட்டைச் சுத்தம் செய்தபோது, பழைய செய்தித்தாள் கட்டோடு அந்தக் கோப்பும் பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரின் வண்டியில் ஏறிவிட்டது. மிஞ்சியது அந்தப் படம் ஒன்றுதான்.

"மாப்பிள்ளை, இதை எக்செல்லில் போட்டுக் குடுங்க. கூட்டல் அதுவே போடணும். ஜூலையிலிருந்து நான் பாத்துக்கிறேன்" என்றார் மாமா. அரை மணி நேர வேலை என்று நினைத்துத் தலையாட்டினேன்.

தாளில் இருந்தது இவ்வளவுதான். இடப்பக்கம் ஒன்பது தலைப்புகள்: மளிகை, மின்சாரம்-தண்ணீர், நகர மன்றக் கட்டணம், போன்-இணையம், மருந்து, பஸ்-எம்ஆர்டி, கோயில்-மொய், பணிப்பெண், கடைசியாகக் கழிவு. மேலே ஆறு மாதங்கள். ஆக, 54 கட்டங்கள். வலப்பக்கம் ஒவ்வொரு தலைப்புக்கும் ஆறு மாத மொத்தம், அடியில் ஒவ்வொரு மாதத்துக்கும் மொத்தம், மூலையில் பெரிய மொத்தம். செலவில்லாத மாதத்தில் ஒரு சிறு கோடு. மின்கட்டணத்தில் அரசு தரும் கழிவை மட்டும் கணக்குப்பிள்ளை பாணியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்: (80.00). கழிக்க வேண்டிய தொகை என்று பொருள்.

படம்

முதல் தவறு படத்திலேயே ஆரம்பித்தது. மைத்துனர் வாட்ஸ்அப்பில் எனக்குத் திருப்பி அனுப்பிய படத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். எக்செல்லில் Data தாவலுக்குப் போய் From Picture, அதற்குள் Picture From File என்று கொடுத்தால், படத்தில் உள்ள அட்டவணையைப் படித்துக் கட்டம் கட்டமாகக் கொண்டுவரும். கொண்டுவந்தது, ஆனால் மே மாதமும் ஜூன் மாதமும் ஒட்டிக்கொண்டு, ஒரே கட்டத்தில் "605.90 630.50" என்று உட்கார்ந்திருந்தன. பாதி வரிசைகளில் புள்ளிகளே இல்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. எழுத்தின் ஓரமெல்லாம் பஞ்சு போலப் பிசிறியிருந்தது. என்னிடம் வந்தது 1600க்கு 1200 புள்ளி அளவு. மாமாவின் போனில் இருந்த மூலப்படம் 4000க்கு 3000. இரண்டு முறை வாட்ஸ்அப்பில் பயணம் செய்ததில் சுருங்கிவிட்டது. ஓர் இலக்கம் இருபது புள்ளி உயரம் கூட இல்லாதபோது, தசமப் புள்ளி என்பது தூசிக்குச் சமம்.

தோ பாயோவுக்கு ரயில் ஏறி, மாமாவின் போனிலிருந்து அதே படத்தை, படமாக இல்லாமல் டாக்குமென்டாக இணைத்து எனக்கு அனுப்பினேன். அப்படி அனுப்பினால் அளவு குறையாது. அப்புறம் போனிலேயே படத் திருத்தியில் சாய்வைச் சரிசெய்தேன். மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்திருந்ததால் தாளின் மேல்பக்கம் குறுகி, அடிப்பக்கம் அகன்று இருந்தது. நான்கு மூலைகளையும் இழுத்துச் செவ்வகமாக்கி, சாப்பாட்டு மேசையையும் தே தாரிக் குவளையின் விளிம்பையும் வெட்டி எறிந்தேன். ஒன்றை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. தாளை நான்காக மடித்திருந்த மடிப்பு, பிப்ரவரி நெடுவரிசையின் மேல் நிழலாக ஓடியது.

இந்த முறை ஏழு நெடுவரிசையும் அடியில் மொத்த வரிசையும் தனித்தனியாக வந்தன. தமிழில் இருந்த தலைப்புகள் மட்டும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தன. ஒன்பது தலைப்புதானே, கையால் அடித்துவிட்டேன்.

கண்ணில் பட்டவை

உட்புகுத்தும் முன், எக்செல் தனக்குச் சந்தேகமான கட்டங்களை நிறம் மாற்றிக் காட்டும். நான்கைக் காட்டியது, நான்கும் கோடு போட்ட கட்டங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டேன். பின்னால் தெரிந்தது: உண்மையிலேயே தப்பாகப் படித்த எதையும் அது சந்தேகப்படவே இல்லை.

இரண்டு பிழைகள் பார்த்தவுடன் தெரிந்தன. மார்ச் மாத மருந்து 119.75, புள்ளி விழுந்து 11975 ஆகியிருந்தது. மாமா அத்தைக்கு அந்த மாதம் கண் அறுவை ஏதும் நடக்கவில்லை. இன்னொன்று கோயில்-மொய் வரிசை. அதில் மார்ச்சும் மேயும் வெறும் கோடு. அந்தக் கோடுகளை அது விழுங்கிவிட்டு, ஏப்ரலின் 101 வெள்ளியை மார்ச்சுக்கும், ஜூனின் 201 வெள்ளியை மேக்கும் தள்ளியிருந்தது. ஜூன் கட்டம் காலியாக நின்றதால்தான் கண்ணில் பட்டது. இந்த வகைப் பிழை பொல்லாதது. எண்கள் எல்லாம் சரி, வரிசையின் கூட்டலும் சரி, மாதம் மட்டும் தப்பு.

இரண்டையும் திருத்தினேன். கோடு இருந்த இடத்திலெல்லாம் 0 போட்டேன்: கோயில் வரிசையில் இரண்டு, கழிவு வரிசையில் நான்கு.

பெரிய தவறு

இங்கேதான் அவசரப்பட்டேன். மாமா கேட்டது ஃபார்முலா. அச்சில் இருந்த மொத்தங்கள் இனி எதற்கு என்று வலப்பக்க நெடுவரிசையையும் அடி வரிசையையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் கூட்டலைப் போட்டேன். B முதல் G வரை மாதங்கள், 2 முதல் 10 வரை தலைப்புகள்.

```
H2:   =SUM(B2:G2)
B11:  =SUM(B2:B10)
```

முதலாவதை H10 வரை கீழே இழுத்தேன். இரண்டாவதை H11 வரை வலப்பக்கம் இழுத்தேன். மூலையில் 10,948.75 வந்தது. வரிசைகளின் மொத்தத்தைக் கூட்டினாலும் அதே, மாதங்களின் மொத்தத்தைக் கூட்டினாலும் அதே. இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது என்று திருப்தியோடு மாமாவுக்குப் போன் போட்டேன்.

"இல்லையே மாப்பிள்ளை. பதினோராயிரத்துக்கு மேல வரணுமே. பதினோராயிரத்து நூத்துச் சொச்சம்."

கிடங்கில் முப்பது வருடம் கணக்குப் பார்த்த மனுஷர். அவர் ஞாபகத்தோடு நான் சண்டை போடவில்லை. படத்தைத் திறந்து மூலையைப் பார்த்தேன். 11,152.65. எனக்கும் அவருக்கும் இடையில் 203.90 வெள்ளி.

இரண்டு பக்கமும் ஒத்துப்போனது எப்படி என்று கொஞ்ச நேரம் குழம்பினேன். பிறகுதான் உறைத்தது. அதே 54 எண்களை இடமிருந்து வலமாகக் கூட்டினாலும் மேலிருந்து கீழாகக் கூட்டினாலும் விடை ஒன்றாகத்தானே இருக்கும்? எண்ணே தப்பாக இருந்தாலும் அந்தத் தப்பு இரண்டு பக்கமும் சமமாகப் போகும். என் ஃபார்முலா என் ஃபார்முலாவுக்கே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த சாட்சி ஒன்றே ஒன்று, மாமா கால்குலேட்டரில் தட்டி அச்சில் போட்ட மொத்தங்கள். அவற்றைத்தான் நான் முதல் வேலையாக அழித்திருந்தேன்.

எண் போல இருப்பவை

மொத்தங்களைத் திரும்பக் கொண்டுவருவதற்கு முன், கட்டங்களில் இருப்பவை எல்லாம் எண்கள்தானா என்று பார்க்க நினைத்தேன். ஒரு கட்டத்தில் எழுத்து கலந்திருந்தால் SUM கோபித்துக்கொள்ளாது. சத்தமில்லாமல் அதை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டும். அதைப் பிடிக்க ஒரு வரி போதும்.

```
=COUNT(B2:G10)
```

COUNT எண்களை மட்டும் எண்ணும். 54 வரவேண்டும். 51 வந்தது. மூன்று கட்டங்கள் எண் வேஷம் போட்டிருக்கின்றன.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி, கட்டங்களுக்கு நாம் எந்தச் சீரமைப்பும் செய்யாமல் விடுவதுதான். எக்செல் எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் தானாக ஒட்டிவைக்கும். நான் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து அந்தத் தடயத்தையும் அழித்திருந்தேன். நடுச்சீரமைப்பை எடுத்தவுடன் மூன்றும் இடப்பக்கம் ஒதுங்கின. நகர மன்றக் கட்டணத்தில் இரண்டு மாதம் "72. 50" என்று புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி. மே மாத மின்சாரத்தில் `168.9O`. கடைசியில் இருப்பது பூஜ்யம் இல்லை, ஆங்கில ஓ எழுத்து.

மூன்று கட்டம். கையால் திரும்ப அடிக்கப் பத்து விநாடி ஆகும். நான் என்ன செய்தேன்? பக்கத்தில் இன்னொரு அட்டவணை போட்டு, எல்லாக் கட்டத்தையும் சுத்தம் செய்யும் ஃபார்முலா எழுத உட்கார்ந்தேன்.

```
=NUMBERVALUE(B4,".",",")
```

நல்ல ஃபார்முலாதான். நடுவில் இருக்கும் இடைவெளியைக்கூடப் பொருட்படுத்தாமல் "72. 50" ஐ 72.5 ஆக்கிவிடும். ஆனால் ஓ எழுத்தைக் கண்டதும் #VALUE! என்று கைவிரித்தது. அதற்கு ஒரு SUBSTITUTE சேர்த்தேன். அது வேலை செய்தது. அப்புறம் விடைகளைத் திரும்பப் பழைய இடத்தில் மதிப்பாக மட்டும் ஒட்ட மறந்து, ஃபார்முலாவோடு ஒட்டி, தாளெல்லாம் பிழைக் குறியாக்கி, Ctrl+Z அடித்து... நாற்பது நிமிடம். கடைசியில் மூன்றையும் கையாலேயே அடித்தேன். ஐந்நூறு கட்டங்கள் இருந்தால் ஃபார்முலா சரி.

COUNT 54 ஆனது. மொத்தம் 11,262.65. இப்போது மாமாவின் எண்ணைவிட 110 வெள்ளி அதிகம். குறைவாக இருந்தது கூடுதலானதில் ஒரு வகையில் நிம்மதி, ஒன்றுக்கு மேற்பட்ட தவறு எதிரெதிர்த் திசையில் இழுக்கிறது என்று தெரிந்தது.

சாட்சிகளைக் கூப்பிட்டது

படத்தைப் பார்த்து, அச்சில் இருந்த மொத்தங்களைக் கையால் அடித்தேன். வலப்பக்கம் I நெடுவரிசையில் தலைப்பு மொத்தங்கள், அடியில் 12ஆம் வரிசையில் மாத மொத்தங்கள், பெரிய மொத்தம் I12 கட்டத்தில். இவற்றுக்கு ஃபார்முலா கிடையாது, வெறும் எண். பக்கத்தில் வித்தியாசம்.

```
J2:   =ROUND(H2-I2,2)
B13:  =ROUND(B11-B12,2)
```

ROUND ஒரு முன்னெச்சரிக்கை. அது இல்லாவிட்டால், சில கணக்குகளில் 0க்குப் பதிலாக 5.68434E-14 போன்ற எண் வந்து பயமுறுத்தும். காசுக் கணக்கைக் கம்ப்யூட்டர் இரண்டின் அடுக்குகளாகப் பிரித்து வைப்பதால் வரும் தூசி அது. இரண்டு தசமத்தில் வெட்டிவிட்டால் போய்விடும்.

இப்போது தாள் பேச ஆரம்பித்தது. பதினைந்து வித்தியாசங்களில் பத்து பூஜ்யம். பாக்கி ஐந்து: மளிகை வரிசையில் -50, பிப்ரவரியில் -50. கழிவு வரிசையில் 160, ஏப்ரலில் 160. மருந்து வரிசையில் -27. அதற்கு ஜோடி இல்லை.

முதல் ஜோடி எளிது. மளிகை வரிசையும் பிப்ரவரி நெடுவரிசையும் ஒரே அளவில் குறைகின்றன என்றால், அவை வெட்டிக்கொள்ளும் கட்டத்தில்தான் திருடன். அங்கே 638.15 இருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். மடிப்பு நிழல் நடுவில் ஓட, 8இன் இடப்பக்க வளைவு மங்கி 3 மாதிரித் தெரிந்தது. 688.15 என்று மாற்றினேன். இரண்டு -50ம் ஒன்றாகப் பூஜ்யமாயின. பிப்ரவரி 2024இல் சீனப் புத்தாண்டுக்கு முன் கடைகள் மூடும் என்று அத்தை கூடுதலாக வாங்கி வைத்ததும் ஞாபகம் வந்தது, 688 பொருத்தம்தான். ஆனால் அது ஆறுதல். ஆதாரம் என்றால் அந்த இரண்டு பூஜ்யங்கள்தான்.

இரண்டாவது ஜோடியில் கழிவு-ஏப்ரல் கட்டத்தைப் பார்த்தேன். 80.00. தாளிலும் 80.00. எண் சரியாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் முழித்தேன். வித்தியாசம் 80 இல்லை, 160. தொகையின் இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால், கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். கிடங்கில் இருந்தவர்களுக்கு இது அரிச்சுவடி என்று மாமா பிறகு சொன்னார். ஜனவரியில் (80.00) ஒழுங்காக -80 ஆக வந்திருந்தது. ஏப்ரலில் அச்சு மங்கி, அடைப்புக்குறியை எக்செல் அட்டவணைக் கோடு என்று நினைத்துவிட்டது போல. -80 என்று அடித்தேன்.

பெரிய மொத்தம் 11,152.65. மாமாவின் எண்ணோடு காசு பிசகாமல் ஒத்தது. இத்தோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜோடி இல்லாத இருபத்தேழு

மருந்து வரிசையில் -27 அப்படியே நின்றது. கட்டங்களைக் கூட்டினால் 436.00. தாளில் 463.00.

ஆறு கட்டங்களையும் மூன்று முறை படத்தோடு ஒப்பிட்டேன். 84.20, 36.00, 119.75, 41.30, 96.50, 58.25. எல்லாம் தெளிவாக இருந்தன. ஒரு கட்டம் தப்பு என்றால் அந்த மாதத்தின் மொத்தமும் உதைக்க வேண்டும். ஆறு மாதமும் பூஜ்யம். இரண்டு கட்டங்கள் தப்பு என்றாலும் இரண்டு மாதம் உதைக்கும். வரிசை மட்டும் உதைக்கிறது, மாதம் எதுவும் அசையவில்லை என்றால், தப்பு கட்டத்தில் இல்லை. அச்சில் இருக்கும் மொத்தத்திலேயே இருக்கிறது.

முதலில், அந்த மொத்தத்தை நான்தான் தப்பாக அடித்தேனோ என்று பார்த்தேன். இல்லை, படத்தில் 463.00 என்றுதான் இருக்கிறது. பிறகு 27ஐப் பார்த்தேன். அது ஒன்பதின் மடங்கு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 36க்கும் 63க்கும் இடையில் 27. கால்குலேட்டரில் 436 வந்திருக்கிறது, தட்டச்சில் கை 463 அடித்திருக்கிறது.

உறுதிப்படுத்த இன்னொரு வழியும் இருந்தது. அச்சில் உள்ள ஒன்பது தலைப்பு மொத்தங்களைக் கூட்டினால் 11,179.65. ஆறு மாத மொத்தங்களைக் கூட்டினால் 11,152.65. மூலையில் மாமா போட்டிருப்பது இரண்டாவது. அதாவது, அவர் மாதா மாதம் கீழ்நோக்கிக் கூட்டி, அந்த ஆறையும் கூட்டிப் பெரிய மொத்தம் எடுத்திருக்கிறார். வலப்பக்கத்தைத் தனியாக ஜூன் கடைசியில் போட்டிருக்கிறார். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அந்த ஒரு முறை மட்டும் பார்க்கவில்லை.

மாமாவிடம் சொல்லத் தயங்கினேன். ஏனென்றால் மருந்து மொத்தத்தைப் பார்த்துத்தான் பெரிய மைத்துனர் பணம் அனுப்பியிருந்தார். 463 வெள்ளி.

ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். மாமா ஒன்றும் பேசாமல் பெரிய பொத்தான் கால்குலேட்டரை எடுத்துவந்து ஆறு எண்களையும் தட்டினார். மறுபடி தட்டினார். "நாநூத்து முப்பத்தாறு" என்றார். அப்புறம் அத்தையைப் பார்த்து, "பெரியவன்கிட்ட இருபத்தேழு வெள்ளி கூட வாங்கியிருக்கேன்" என்றார், ஏதோ இருபத்தேழாயிரம் என்பது போல.

செலவு, நேரம், அடுத்த முறை

பணச் செலவு என்று பார்த்தால், சரிபார்க்க எடுத்த இரண்டு அச்சுத் தாள்களுக்கு பிளாக் கீழே உள்ள கடையில் தாளுக்குப் பத்து காசு, ரயில் கட்டணம், அவ்வளவுதான். எக்செல் சந்தா ஏற்கெனவே இருந்தது. நேரம் என்றால் மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல். அதில் சுருங்கிய படத்தோடு மல்லுக்கட்டியது நாற்பது நிமிடம், தேவையில்லாத ஃபார்முலா நாற்பது நிமிடம், அழித்த மொத்தங்களால் போன நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

வயிற்றெரிச்சலில் ஒரு சோதனையும் செய்தேன். வெற்றுத் தாளில் அதே 54 எண்களைப் படத்தைப் பார்த்துக் கையால் அடித்தேன். பதினொரு நிமிடம். இரண்டு தவறு செய்திருந்தேன். வித்தியாச நெடுவரிசை இரண்டையும் உடனே காட்டிக்கொடுத்தது. ஒரு பக்கத் தாள் என்றால் இனி நான் கையாலேயே அடிப்பேன். மாமாவின் பழைய வருடத் தாள்கள் வேறு யாரிடமாவது கிடைத்தால் மட்டும் படத்திலிருந்து எடுப்பதை யோசிப்பேன்.

இந்த வித்தியாசச் சோதனைக்கும் எட்டாத இடம் உண்டு. ஒரே கட்டத்தில் இருந்த பிழையை இது விடாது. ஆனால் ஒரு வரிசை முழுக்கத் தலைப்பு மாறியிருந்தால், அதாவது பஸ் எண்களுக்குப் பக்கத்தில் போன் என்று நான் அடித்திருந்தால், கூட்டல் வாயே திறக்காது. தலைப்புகளை நான் கையால் அடித்ததால் அவற்றை அத்தை சத்தமாக வாசிக்க, நான் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தேன்.

இன்னொன்று, ஜூலை. G நெடுவரிசைக்கும் H மொத்தத்துக்கும் நடுவில் புது நெடுவரிசை நுழைத்தால், SUM(B2:G2) அப்படியே G-யோடு நின்றுவிடக்கூடும். ஜூலைச் செலவு மொத்தத்தில் சேராது, பிழைக் குறியும் வராது. மாமாவை அந்தப் பொறியில் விட மனமில்லை. சரிபார்த்து முடித்த தாளைப் பத்திரமாக வைத்துவிட்டு, டிசம்பர் வரை பன்னிரண்டு மாதமும் முதலிலேயே போட்ட இன்னொரு தாள் செய்து கொடுத்தேன். அதில் கூட்டல் =SUM(B2:M2). ஆரம்பத்திலேயே இப்படிச் செய்திருக்கலாம். மாமாவின் கால்குலேட்டர் மொத்தத்துக்கும் ஒரு நெடுவரிசை விட்டிருக்கிறேன். எக்செல் கூட்டினாலும் அவர் தட்டிப் பார்க்காமல் இருக்கப் போவதில்லை. அந்த எண் அங்கே உட்காரட்டும்.

இருபத்தேழு வெள்ளியைப் பெரிய மைத்துனர் வாங்க மறுத்துவிட்டார். "அது எப்படி, கணக்கு கணக்குதான்" என்று மாமா ஜூலை மருந்துக் கட்டத்துக்கு அடியில் ஒரு வரிசை சேர்க்கச் சொன்னார். ஜூன் தாளில் 463ஐ அழிக்க வேண்டாம், பக்கத்தில் 27 வித்தியாசம் சிவப்பில் நிற்கட்டும் என்றும் சொல்லிவிட்டார். புது வரிசையில் -27 என்று அடித்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"அடைப்புக்குறி எங்க மாப்பிள்ளை?"

கட்டத்தின் எண் வடிவத்தை மாற்றினேன்.

```
#,##0.00_);(#,##0.00)
```

(27.00) என்று வந்தது. "ம்" என்றார். எழுந்துபோய்த் தே கலக்க ஆரம்பித்தார்.